ஆறு வோல்ட்டும் நாலு வோல்ட்டும்

என் மருமகளைப் பற்றி எழுதச் சொன்னால் நான் முதலில் என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் 'காயில்' கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அந்தக் கடையை நானே வாங்கி, பக்கத்துக் கடையையும் சேர்த்து இடித்துப் பெரிதாக்கி, இன்றைக்கு இந்த ஊரில் பெரிய மோட்டார் எது படுத்தாலும் என் வாசலுக்குத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்தவள், டெக்னிகல் கல்லூரியில் சர்க்யூட் பாடம் எடுக்கும் டீச்சர். அவளுடைய அப்பா தையல்காரர். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் இவள். பெண் பார்க்கப் போனபோது சுவரில் வரிசையாகச் சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் முதல் இடம். "இந்தப் பொண்ணு ஒரு கணக்கைக்கூட தப்பாப் போட்டதில்லை" என்று அவள் அப்பா சொன்னார். எனக்கு அது பிடித்துப்போனது. என் கடையிலும் அதுதான் சட்டம். சுற்று எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் காயிலை அவிழ்த்துவிடுவேன்.

என் மகனுக்குக் கப்பலில் வேலை. பாதி வருஷம் கடலில் இருப்பான். அதனால் இந்தப் பெண் என் மனைவிக்கு மகளாகவும், எனக்கு வாய்க்கு வாய் பேசும் ஆளாகவும் ஆகிவிட்டாள். பகலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு. மாலை வகுப்பில்தான் அந்த லிஃப்ட்காரர் படித்தார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட்டில் ஏற்றி இறக்குகிறவர் இல்லை. லிஃப்ட் கெட்டுப்போனால் சரிசெய்யும் மெக்கானிக். என் மருமகளை விடப் பதினைந்து வயதாவது மூத்தவர். முட்டி தேய்ந்துபோய், லிஃப்ட் ஓடும் குழிக்குள் ஏணியில் இறங்கி ஏற முடியாமல் இருந்தார். கம்பெனியில் மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. டிப்ளமோ பாஸ் செய்தால் அது அவருக்கு. செய்யாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். எழுத்துத் தேர்வெல்லாம் முடித்துவிட்டார். செய்முறைத் தேர்வு ஒன்றுதான் மிச்சம்.

அந்தச் செய்முறைத் தேர்வு காலையில் முடிந்ததும் மருமகள் ஒரு சின்னப் பலகையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தாள். சாப்பிடவில்லை.

"என்னம்மா, காலேஜ் கேன்டீன்ல விருந்தா?" என்றேன்.

"பசிக்கலை மாமா. உங்க கடையில டிஜிட்டல் மீட்டர் இருக்குல்ல? கொஞ்சம் வேணும்."

"பேட்டரி தீர்ந்த ஒண்ணு இருக்கு. எனக்கெதுக்கு அது? என்கிட்ட என் பழைய ஊசி மீட்டர் இருக்கே."

"பேட்டரி நான் போட்டுக்கறேன்."

கடை வீட்டுக்கு முன்பக்கம்தான். ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மேசையில் காயில் கம்பிச் சுருள்களை ஒதுக்கி, பலகையை வைத்தாள். அதில் மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் மூன்று. சப்ளை கொடுக்க இரண்டு முனை, கடைசியில் லோடு, அதாவது மின்சாரம் தின்னும் பொருள், மாட்ட இரண்டு முனை. அவ்வளவுதான். கையகலப் பலகை.

"இதை வெச்சு என்ன பரீட்சை?" என்றேன்.

"பாடத்துலேயே முக்கியமான கணக்கு மாமா. இதுல லோடை மாட்டினா லோடுக்கு எவ்வளவு வோல்ட் கிடைக்கும்னு கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு லோடுக்கும் மொத்த சர்க்யூட்டையும் திரும்பப் போடத் தேவையில்லை. ஒரு குறுக்குவழி இருக்கு. தெவினின் தேற்றம்னு பேரு."

"பேரே வாயில நுழையலையே."

"வழி நுழையும். லோடைக் கழட்டிடுங்க. இந்தக் கடைசி ரெண்டு முனைக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தாலும் சரி, நாலு ரெசிஸ்டரோ நாப்பது ரெசிஸ்டரோ, அதெல்லாத்தையும் மூடிப் போட்டு ஒரே ஒரு பேட்டரியும் அதோட வரிசையா ஒரே ஒரு ரெசிஸ்டரும்னு நினைச்சுக்கலாம். வெளியில இருந்து பாக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? "ஒரு வீட்டுல பதினஞ்சு பேர் இருந்தாலும், பொண்ணு கேட்டு வந்தவனுக்கு வாசல்ல நின்னு பேசறது ஒருத்தர்தான். அவர் வாய்ல வர்றது பேட்டரி. அவர் இழுத்தடிக்கறது ரெசிஸ்டர். சரியா?"

அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு விரலால் தொட்டுக் காட்டினாள். சப்ளை பன்னிரண்டு வோல்ட். அதன் குறுக்கே ஒரு லட்சம் ஓம் ரெசிஸ்டரும் இன்னொரு லட்சம் ஓம் ரெசிஸ்டரும் வரிசையாக நிற்கின்றன. இரண்டும் சமம் என்பதால் நடுவில் பாதி, அதாவது ஆறு வோல்ட். அந்த நடுப் புள்ளியிலிருந்து மூன்றாவது ரெசிஸ்டர், ஐம்பதாயிரம் ஓம், வெளி முனைக்குப் போகிறது. லோடு இல்லாதபோது அதில் மின்சாரம் ஓடாது. ஓடாத இடத்தில் வோல்ட் குறையாது. ஆக வெளி முனையிலும் ஆறு. அந்த ஒற்றைப் பேட்டரி ஆறு வோல்ட்.

"இனி அந்த ஒத்தை ரெசிஸ்டர். சப்ளையை எடுத்துட்டு, அந்த இடத்துல வெறும் வயரைப் போடணும். சும்மா கழட்டி அந்தரத்துல விடக் கூடாது. பசங்க செய்யற பாதித் தப்பு அதுதான். வயர் போட்டதும் வெளி முனையில இருந்து உள்ளே பாத்தா முதல்ல சொன்ன ஒரு லட்சம் ரெசிஸ்டர் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, இணையா நிக்கும். ரெண்டு சேர்ந்து ஐம்பதாயிரம். அதோட மூணாவது ஐம்பதாயிரம் வரிசையா. மொத்தம் ஒரு லட்சம்."

"ஆறு வோல்ட் பேட்டரி, ஒரு லட்சம் ஓம். முடிஞ்சது."

"முடிஞ்சது. இனிமே எந்த லோடை மாட்டினாலும் ஒரு நிமிஷக் கணக்கு. ஒரு லட்சம் ஓம் லோடு மாட்டினா, உள்ளே ஒரு லட்சம், வெளியே ஒரு லட்சம், ஆறு வோல்ட்டை ஆளுக்குப் பாதி. லோடுக்கு மூணு."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். தேர்வில் எல்லாரும் முதலில் கணக்குப் போட்டு ஆறு என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு மீட்டரை வைத்து அளந்து அது சரிதானா என்று பார்க்க வேண்டும். லிஃப்ட்காரர் கணக்கில் ஆறு போட்டிருந்தார். அளந்ததில் நாலு என்று எழுதி, "கணக்கோடு பொருந்தவில்லை" என்றும் எழுதி வைத்திருந்தார்.

"சப்ளை சரியா இருந்தது, பலகை சரியா இருந்தது. பக்கத்துல இருந்த மூணு பேரும் ஆறுன்னுதான் எழுதியிருந்தாங்க. இவர் ஒருத்தர் மட்டும் நாலு. அளக்கத் தெரியலைன்னு அளவுக்கு முட்டை போட்டேன் மாமா. அதுல பெயில் ஆயிட்டார். மார்க்கை மூடி சீல் வெச்சுக் கொடுத்தாச்சு."

"சரி, தெரியாதவனுக்கு முட்டைதானே போடணும்?"

"அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் பலகையை எடுத்துட்டு வந்தேன். நான் சரியாத்தான் போட்டேன்னு பாத்துட்டா நிம்மதியாத் தூங்குவேன்."

டிஜிட்டல் மீட்டரில் பேட்டரி போட்டாள். என் கடை சப்ளையைப் பன்னிரண்டில் வைத்து, முனைகளில் மீட்டரை வைத்தாள். ஐந்து புள்ளி தொண்ணூற்று நாலு. ஏறக்குறைய ஆறு.

"பாத்தீங்களா" என்று மூச்சு விட்டாள்.

நான் விடுவேனா? "அந்தப் பொம்மை மீட்டரை நம்பி ஒரு மனுஷனை பெயில் போடறதா? இந்தா, இது பொய் சொன்னதே இல்லை" என்று என் ஊசி மீட்டரை எடுத்துப் பத்து வோல்ட்டில் வைத்து முனையைத் தொட்டேன்.

ஊசி நாலில் போய் நின்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மீட்டரா? நான் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய மீட்டர். "பலகைதான் கோளாறு. உன் காலேஜ் பலகை ஓட்டை" என்றேன். நான் விடாமல் மீட்டரை ஐம்பது வோல்ட்டுக்குத் திருப்பிப் பார்த்தேன். ஊசி இப்போது ஐந்தரைக்குப் பக்கத்தில் நின்றது. மறுபடி பத்தில் வைத்தேன். நாலு.

"ஒரே பலகை, ஒரே மீட்டர், ரெண்டு பதில்! இது என்ன பேய் பிடிச்ச பலகையா?"

மருமகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, அந்த மீட்டர் முகப்புல ஓரமா என்ன எழுதியிருக்கு?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வோல்ட்டுக்கு இருபதாயிரம் ஓம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் அதைப் படித்ததில்லை.

"பத்து வோல்ட்டுல வெச்சா அந்த மீட்டரே ரெண்டு லட்சம் ஓம். அது சும்மா வேடிக்கை பாக்கலை மாமா. அதுவே ஒரு லோடு. உள்ளே ஒரு லட்சம், மீட்டர் ரெண்டு லட்சம், மொத்தம் மூணு லட்சம். ஆறு வோல்ட்டை மூணு பங்கா வெட்டினா பங்குக்கு ரெண்டு. மீட்டருக்கு ரெண்டு பங்கு."

"நாலு."

"நாலு. ஐம்பதுல வெச்சா மீட்டர் பத்து லட்சம் ஆயிடுது. அப்ப உள்ளே இருக்கற ஒரு லட்சம் கொஞ்சமாத்தான் தின்னும். அதான் ஐந்தரை. டிஜிட்டல் மீட்டர் ஒரு கோடி ஓம், அது கிட்டத்தட்ட தொடவே தொடாது." குரல் இறங்கிப்போனது. "கடைசி பெஞ்சுல டிஜிட்டல் மீட்டர் வேலை செய்யலை. லேப்ல பழைய ஊசி மீட்டர் எடுத்துக் கொடுத்திருக்காங்க. அவர் அளந்தது நாலுதான் மாமா. நாலேதான். நான் நாலு வருஷமா நடத்தற பாடம் இது. அதே பாடத்தை வெச்சு அவர் எழுதினது சரின்னு கண்டுபிடிக்க எனக்கு வீட்டுக்கு வர வேண்டியிருந்தது."

"இத்தனை வருஷமா இந்தக் கோளாறு யாருக்கும் தெரியலையா?"

அதற்குச் சொன்ன பதிலில்தான் அவளுக்கு அழுகை வந்தது. பழைய பலகைகளில் ரெசிஸ்டர்கள் நூறு, நூறு, ஐம்பது ஓம்தான். அவை சூடாகி, பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்த வருஷம் இவளே யோசித்து எல்லாவற்றிலும் மூன்று சைபர் சேர்த்துப் புதுப் பலகை செய்தாள். எல்லாம் ஒரே மாதிரி ஏறியதால் விகிதம் மாறவில்லை. காகிதத்தில் விடை அதே ஆறு. நூறு ஓமுக்கு முன்னால் ஊசி மீட்டரின் இரண்டு லட்சம் கண்ணுக்கே தெரியாது. ஒரு லட்சத்துக்கு முன்னால் தெரியும். பிள்ளைகள் கை சுடக் கூடாது என்று செய்த மாற்றம் அந்த மனிதரைச் சுட்டுவிட்டது.

"அது கூடப் பரவாயில்லை" என்றாள். "அவர் என்னைக் கூப்பிட்டார் மாமா. 'நீங்களே ஒரு தடவை குனிஞ்சு மீட்டரைப் பாருங்க மேடம்'னு சொன்னார். நான் பாக்கலை. விடைத்தாளைத்தான் பாத்தேன். 'கணக்குல ஆறு வருதுல்ல, அப்ப ஆறுன்னு எழுதுங்க'ன்னு சத்தமாச் சொன்னேன். அவர், 'ஊசி காட்டினதைத்தான் மேடம் எழுத முடியும்'னார். எனக்கு நேரம் ஆயிடுச்சு, கோவம் வந்தது. 'இந்த வயசுல படிக்க வர்றவங்க முதல்ல கண்ணாடியை மாத்திட்டு வாங்க'ன்னேன். சின்னப் பசங்க எல்லாம் சிரிச்சாங்க."

என் மனைவி சோற்றைப் பிசைந்து தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். அது அப்படியே காய்ந்தது.

நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். என் காலத்தில் நான் எரித்த மோட்டார்களை வரிசையாக அடுக்கிக் காட்டினேன். ஒரு கல்யாண மண்டபத்தில் தண்ணீர் பம்பை எரித்து, மாப்பிள்ளை வீட்டார் குளிக்காமல் தாலி கட்டிய கதையையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போய்த் துறைத்தலைவரிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் பிரச்சினையை மூடி வைக்கும் நல்ல மனிதர்.

"யாருக்கும்மா இது தெரியும்? அவரை அடுத்த பருவத்துல எழுதச் சொல்லுங்க, பாஸ் போட்டுடலாம். சீல் வெச்சதைப் பிரிக்கணும்னா நீங்க தப்புப் பண்ணினீங்கன்னு எழுதிக் கொடுக்கணும். உங்க வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை, ஞாபகம் இருக்கா?"

"அடுத்த பருவத்துக்குள்ள அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும் சார்."

"அது அவர் தலைவிதி."

"இல்லை சார். அது நான் பண்ணினது."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தேர்வு அலுவலகம் முனகிவிட்டு, அந்தக் கடைசிப் பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் மறுதேர்வு என்று சொன்னது. இவள் தேர்வு நடத்துபவராக இருக்கக் கூடாது, வெளியிலிருந்து வேறு ஒருவர் வருவார். அதே பலகை, அதே மீட்டர்.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "மாமா, என்னோட வர்றீங்களா? அவர் வேலை செய்யற இடத்துக்கு. தனியாப் போக பயமா இருக்கு."

"அவர் என்ன புலியா?"

"புலியா இருந்தாத் தேவலை."

என் காரில் கூட்டிப்போனேன். உயரமான குடியிருப்புக் கட்டடம். லிஃப்ட்டின் இயந்திர அறை மொட்டைமாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பில் இருந்ததால் படியேறித்தான் போனோம். நான் மூச்சு வாங்காமல் ஏறினேன். என் வயதில் ஏறிப் பாருங்கள், தெரியும்.

கிரீஸ் வாடை அடிக்கும் சின்ன அறை. நடுவில் மோட்டார், அதன் மேல் தடித்த கம்பிக் கயிறு. பார்த்தவுடனே அந்த மோட்டாரின் பிரஷ்கள் நல்ல நிலையில் இருப்பது தெரிந்தது. வைத்திருந்தவர் கை சுத்தமான கை. லிஃப்ட்காரர் கண்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்ன வயசுக்காரர் ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இங்கேயா வந்தீங்க?" என்று எழ முயன்றார். முட்டி ஒத்துழைக்கவில்லை. அவள் ஓடிப்போய், "உக்காருங்க, உக்காருங்க" என்று தானும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். மீட்டரே ஒரு லோடு என்பதை, உள்ளே ஒரு லட்சம் வெளியே இரண்டு லட்சம் என்பதை, அழுக்குத் தரையில் விரலால் ஒரு பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் வரைந்து காட்டினாள். கடைசியில், "நீங்க எழுதினது சரி. நான்தான் தப்பு. என்னை மன்னிச்சுடுங்க அண்ணே" என்றாள். மேடம் போய் அண்ணே வந்துவிட்டது.

அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலா? நாலுதானா?"

"நாலுதான்."

"அப்ப என் கண்ணு சரியாத்தான் இருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "இந்தத் தம்பியை நான்தான் மேடம் கூட்டிட்டு வந்தேன். பரீட்சை முடிஞ்சதுல இருந்து பிரேக் வோல்ட்டை நான் படிச்சா எனக்கே நம்பிக்கை வரலை. நீங்க கண்ணாடி மாத்தச் சொன்னீங்கல்ல. கண் டாக்டர்கிட்டயும் போயிட்டு வந்தேன். அவர், ஒண்ணும் இல்லைங்கறார். எனக்கு அவர் மேல சந்தேகம்." சிரித்தார். "பெயில் போட்டது பெருசில்லை மேடம். நான் பாக்காததை எழுதச் சொன்னீங்களே, அதுதான். எங்க வேலையில பாக்காததை எழுதினா கீழே ஆள் விழுந்து சாவான்."

நான் நடுவில் புகுந்து, "இந்த மோட்டார் எங்க கட்டினது? நம்ம கடையில கட்டியிருந்தா இவ்வளவு சத்தம் போடாது" என்றேன். மோட்டார் ஓடாமல்தான் கிடந்தது. சில நேரங்களில் என் அனுபவம்கூட உதவுவதில்லை.

மறுதேர்வன்று நானும் போயிருந்தேன். கல்லூரி வராந்தாவில் ஒரு பெஞ்சு. நானும் மருமகளும் உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே போகக் கூடாது. ஆய்வகக் கதவு சாத்தியிருந்தது. ஒரு விரலால் மற்ற விரல்களின் நகத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, பரீட்சை அவருக்கா உனக்கா?"

"எனக்குத்தான் மாமா."

முதலில் வெளியே வந்தவர் லிஃப்ட்காரர். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன ஆச்சு?" என்று அவள் எழுந்தாள்.

"நாலுன்னே எழுதினேன் மேடம். புது சார் வந்து குனிஞ்சு மீட்டரைப் பாத்தார். ஏன் ஆறு வரலைன்னார். மீட்டர் ரெண்டு லட்சம், உள்ளே ஒரு லட்சம்னு வரைஞ்சு காட்டினேன். ஐம்பது வோல்ட்டுல வெச்சா அஞ்சரை காட்டும்னு சொல்லிட்டு, வெச்சுக் காட்டினேன். பாஸ்னு சொல்லிட்டார்." போனைக் காதில் வைத்து, "வர்றேன்யா, வர்றேன். பட்டனைப் போட்டு அமுக்காதீங்க" என்றார். எங்களைப் பார்த்து, "லிஃப்ட்ல ஒரு டாக்டர் மாட்டிக்கிட்டார். நான் பாத்த கண் டாக்டர்தான்" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே படியிறங்கினார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கில்லை.

நான் மருமகளின் தோளில் தட்டினேன். "முடிஞ்சதும்மா. வா, வழியில ஏதாவது சாப்பிடுவோம். நான் சொன்னா எல்லாம் நல்லா முடியும்னு உனக்குத் தெரியாதா?"

அவள் நகரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தின் அந்தக் கடைசிப் பெஞ்சில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

இரண்டு பேர் வந்தார்கள். புது சார் ஊசியைப் பார்ப்பதைக் கண்டு, ஊசி காட்டியதையே எழுதியிருக்கிறார்கள். காரணம் தெரியவில்லை, ஆனால் எழுதியது உண்மை, மதிப்பெண் கொஞ்சம் குறைந்து பாஸ். கடைசியாக ஒரு பெண் வந்தாள். ரெட்டைப்பின்னல் என்று அவளுக்கு வகுப்பில் பட்டப்பெயர். பகலில் துணிக்கடையில் நின்று வேலை செய்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவள். கண் சிவந்திருந்தது.

மருமகள் அருகில் போனாள். "என்னம்மா எழுதினே?"

"ஆறு."

"ஊசி என்ன காட்டிச்சு?"

"நாலு."

"அப்புறம் ஏன்மா ஆறுன்னு எழுதினே?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாத பார்வை.

"போன தடவை முதல்ல நான் நாலுன்னுதான் மேடம் எழுதினேன். நீங்க அந்த அண்ணனைத் திட்டினதைக் கேட்டுட்டு அடிச்சுட்டு ஆறுன்னு மாத்தினேன். நீங்கதானே மேடம் சொன்னீங்க, கணக்குல ஆறு வந்தா ஆறுன்னு எழுதணும்னு. முழு மார்க்கும் போட்டீங்க. இப்ப அந்த சார், அளக்காததை எழுதியிருக்கேன்னு பெயில் போட்டுட்டார்."

மருமகள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வழியில் எங்கேயும் சாப்பிடவில்லை. காரில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மருமகள் மறுபடி தேர்வு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாள், அந்தப் பெண்ணைத் தப்பாக எழுத வைத்தது தான்தான் என்று. அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. துறைத்தலைவர் இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. லிஃப்ட்காரர் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார், இனி குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. அதைக் கேட்டபோது, "ரொம்ப சந்தோஷம்" என்றாள், சந்தோஷமில்லாத குரலில்.

அந்தப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். துணிக்கடைக்கு இவள் போய்ப் பார்த்தாள். வேறு கிளைக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். மருமகள் தினமும் அந்தப் பெண்ணுக்குப் போன் அடிக்கிறாள். நானும் என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், தெரியாத எண் என்றால் எடுப்பாளோ என்று. மணி போகிறது. எடுக்க ஆளில்லை.